போன வருஷக் கணக்கும் வரப்போகும் வெயிலும்

சில பொருள்கள் ஆண்டு முழுவதும் விற்கும். ஆனால் ஒரு பருவத்தில் மட்டும் மளமளவென்று விற்கும். அடுத்த பருவத்தில் அப்படிப்பட்ட பொருள் எவ்வளவு தேவைப்படும் என்பதை, கடந்த கால விற்பனைக் கணக்கைக் கொண்டு முன்கூட்டியே மதிப்பிடுவதுதான் பருவப் பொருளுக்கான தேவை முன்கணிப்பு. குடை, பட்டாசு, ஸ்வெட்டர், பள்ளி நோட்டுப் புத்தகம் எல்லாம் இந்த வகைதான். இதற்கு இரண்டு எளிய முறைகள் நெடுங்காலமாகக் கையாளப்படுகின்றன. ஒன்று நகரும் சராசரி, மற்றது அடுக்குக்குறிச் சீராக்கம். இவற்றில் எது மேல் என்பதைச் சொல்லக் கணிப்புப் பிழையை அளக்கும் அளவுகோல்கள் இருக்கின்றன. முறையையும் அளவுகோலையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் எளிதில் விளங்கும்.

தமிழ்நாட்டு ஊர் ஒன்றில் பன்னீர் சோடா தயாரிக்கும் சிறிய பட்டறையை எடுத்துக்கொள்ளலாம். விற்பனை பெட்டிக் கணக்கில் நடக்கிறது. பெட்டிக்கு 24 பாட்டில். ஏப்ரல் முதல் ஜூன் வரை, கத்திரி வெயிலும் கோயில் திருவிழாக்களும் சேரும் மூன்று மாதங்களில், விற்பனை உச்சத்தைத் தொடும். அக்டோபரில் மழை தொடங்கிவிட்டால் அப்படியே படுத்துவிடும். உச்சக் காலத்துக்கு வேண்டிய காலி பாட்டில், சர்க்கரை, எசென்ஸ், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் பிப்ரவரி, மார்ச்சிலேயே ஏற்பாடு செய்தாக வேண்டும். குறைவாக ஏற்பாடு செய்தால் மே மாதம் கடைக்காரர் வேறு பட்டறையின் சரக்கை வாங்கிக்கொள்வார். அதிகமாகச் செய்தால் போட்ட பணம் மழைக்காலம் முழுவதும் பாட்டிலாக அடுக்கிக் கிடக்கும்.

கணக்கு விளங்குவதற்காக அமைத்துக்கொண்ட மூன்றாண்டு விற்பனை இது. எண்கள் யாவும் பெட்டிகள்.

| காலாண்டு | முதல் ஆண்டு | இரண்டாம் ஆண்டு | மூன்றாம் ஆண்டு |
|---|---|---|---|
| ஜனவரி–மார்ச் | 400 | 440 | 480 |
| ஏப்ரல்–ஜூன் | 800 | 860 | 980 |
| ஜூலை–செப்டம்பர் | 500 | 560 | 600 |
| அக்டோபர்–டிசம்பர் | 300 | 340 | 340 |
| காலாண்டுச் சராசரி | 500 | 550 | 600 |

இதில் இரண்டு விஷயங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒவ்வோர் ஆண்டும் கோடையில் ஏறி மழையில் இறங்குவது பருவம். ஆண்டுக்கு ஆண்டு சராசரி 50 பெட்டி கூடுவது போக்கு. முதல் இரண்டு ஆண்டுகளின் கணக்கு மட்டும் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு, மூன்றாம் ஆண்டை ஒவ்வொரு காலாண்டாகக் கணித்து, நடந்ததோடு ஒப்பிட வேண்டும். முறையைச் சோதிக்கச் சரியான வழி இதுதான். தெரிந்த எண்களுக்கு ஏற்றபடி ஒரு சூத்திரத்தை வளைத்துவிடுவது எளிது. முறையின் தரம், அது பார்த்திராத எண்களிடம்தான் தெரியும்.

நகரும் சராசரி

கடைசியாகக் கழிந்த சில காலங்களின் விற்பனையைக் கூட்டி, காலங்களின் எண்ணிக்கையால் வகுப்பது நகரும் சராசரி. புதிய காலாண்டுக் கணக்கு வந்ததும் அது உள்ளே சேரும். மிகப் பழையது வெளியேறும்.

மூன்றாம் ஆண்டின் முதல் காலாண்டுக்குக் கணிப்பு, இரண்டாம் ஆண்டின் நான்கு காலாண்டுகளின் சராசரியான 550. நடந்த விற்பனை 480. நடந்ததிலிருந்து கணிப்பைக் கழித்து வருவதுதான் பிழை; இங்கே அது −70. குறைக்குறி வந்தால் சரக்கு மிஞ்சியது என்று பொருள். கூட்டல்குறி வந்தால் சரக்கு போதவில்லை. அடுத்து 440 வெளியேறி 480 உள்ளே வர, சராசரி 560 ஆகிறது. கோடையில் விற்றதோ 980. 420 பெட்டி பற்றாக்குறை. மூன்றாம் காலாண்டுக்குக் கணிப்பு 590, விற்றது 600. நான்காவதற்குக் கணிப்பு 600, விற்றது 340. 260 பெட்டி தேக்கம்.

சராசரி மெதுவாக நகர்வதுதான் குறை என்று நினைத்து, நான்குக்குப் பதில் இரண்டு காலாண்டுகளை மட்டும் எடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது. கோடைக்கான கணிப்பு, மழைக்காலத்தின் 340-க்கும் தை, மாசியின் 480-க்கும் சராசரியான 410. வெயில் தணிந்த பிறகு, கோடையின் 980 உள்ளே நுழைந்து மூன்றாம் காலாண்டுக் கணிப்பை 730-க்கும் நான்காவதை 790-க்கும் ஏற்றிவிடுகிறது. பருவம் கடந்த பிறகு இந்தச் சராசரி அதன் பின்னால் ஓடுகிறது.

அடுக்குக்குறிச் சீராக்கம்

நகரும் சராசரி, உள்ளே இருக்கும் எல்லாக் காலாண்டுகளுக்கும் ஒரே மதிப்புக் கொடுக்கிறது. வெளியேறியதற்கு ஒன்றுமே கொடுப்பதில்லை. போன ஆண்டின் இதே காலாண்டு இன்று முழு மதிப்போடு இருக்கும், நாளை அடியோடு மறக்கப்படும். இந்த வெட்டைத் தவிர்ப்பதே அடுக்குக்குறிச் சீராக்கம். அதில் எந்தப் பழைய கணக்கும் முழுவதுமாக மறைவதில்லை. பழையதாக ஆக அதன் மதிப்பு படிப்படியாகத் தேய்கிறது.

இந்த முறையை உருவாக்கியவர் அமெரிக்கரான ராபர்ட் ஜி. பிரவுன். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காக நீர்மூழ்கிக் கப்பல்களின் இருப்பிடத்தைக் கணிக்கும் வேலையில் இது பிறந்தது; பின்னர் உதிரிபாகக் கிடங்குகளின் தேவைக் கணிப்புக்கு வந்தது. 1959-இல் அவர் எழுதிய நூலின் பொருளே சரக்கிருப்புக்கான முன்கணிப்புதான். இதைச் செய்ய ஒரு வரி போதும்:

```
புதிய கணிப்பு = பழைய கணிப்பு + α × (நடந்த விற்பனை − பழைய கணிப்பு)
```

ஆல்பா (α) என்பது பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண். பிழையில் எவ்வளவு பங்கை நம்பிக் கணிப்பைத் திருத்துவது என்பதை அது சொல்கிறது. ஆல்பா 0.2 என்றால், நேர்ந்த பிழையில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் ஏற்று, மற்றதைத் தற்செயல் என்று விட்டுவிடுகிறோம். கடைசிக் காலாண்டுக்கு மதிப்பு 0.2, அதற்கு முந்தியதற்கு 0.16; அதற்கும் முந்தியதற்கு 0.128. ஒவ்வொரு படியிலும் மதிப்பு ஐந்தில் நான்காகக் குறைகிறது. இப்படிப் பெருக்கலாகத் தேய்வதால்தான் பெயரில் அடுக்குக்குறி வந்தது. நினைவில் வைக்க வேண்டியதும் ஒரே எண்தான்: பழைய கணிப்பு. கம்ப்யூட்டர் நினைவகம் விலை உயர்ந்திருந்த காலத்தில், ஆயிரக்கணக்கான உதிரிபாகங்களைக் கணிக்க இது பெரிய வசதியாக இருந்தது.

550-இல் தொடங்கி, ஆல்பாவை 0.2 என்று வைத்தால், முதல் காலாண்டின் பிழை −70. அதில் ஐந்தில் ஒரு பங்கு 14. அடுத்த கணிப்பு 536. கோடையில் 980 விற்றதால் பிழை 444. அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் 625. மூன்றாம் காலாண்டில் 600 விற்றது, பிழை −25; அடுத்த கணிப்பு 620. மழைக்காலத்தில் 340-தான் விற்றது, பிழை −280.

முதல் அளவுகோல்

நான்கு பிழைகளையும் அப்படியே கூட்டினால், கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். நகரும் சராசரியின் பிழைகளான −70, 420, 10, −260 ஆகியவற்றின் சராசரி வெறும் 25. இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் முறை பிரமாதம் என்று நினைத்துவிடுவார். கோடையில் கடைக்காரரைத் திருப்பி அனுப்பிய 420 பெட்டிக் குறையை, மழையில் தேங்கிய 260 பெட்டி மறைத்துவிட்டது.

ஆகவே குறியை நீக்கிவிட்டு, பிழையின் அளவை மட்டும் கூட்டி வகுக்கிறார்கள். இதைச் சராசரிப் பிழையளவு எனலாம். நகரும் சராசரிக்கு அது (70 + 420 + 10 + 260) ÷ 4, அதாவது 190 பெட்டி. சீராக்கத்துக்கு 205 பெட்டி. இரண்டு காலாண்டு நகரும் சராசரிக்கு 295.

இதைப் பார்த்தால் நான்கு காலாண்டு நகரும் சராசரி வென்றதாகத் தோன்றும். அந்த முடிவுக்கு வருமுன் மூன்றாவதாக ஒரு கணிப்பையும் பக்கத்தில் வைக்க வேண்டும். பட்டறைக்காரர் எந்தச் சூத்திரமும் இல்லாமல், “போன வருஷம் இதே சமயம் எவ்வளவு ஓடுச்சோ அதுதான் இந்த வருஷமும்” என்று சொன்னால், அவருடைய கணிப்பு 440, 860, 560, 340. பிழைகள் 40, 120, 40, 0. சராசரிப் பிழையளவு 50 பெட்டிதான்.

இரண்டு முறைகளையும் அந்த வாய்க்கணக்கு தோற்கடித்துவிட்டது. காரணம், அதற்குப் பருவம் தெரியும். நகரும் சராசரிக்கும் சீராக்கத்துக்கும் தெரியாது. ஏற்ற இறக்கங்களைத் தற்செயல் ஆட்டம் என்று கருதி மட்டமாக்குவதே அவற்றின் வேலை. கோடை ஏற்றம் தற்செயல் அல்ல, ஆண்டுதோறும் வருவது. அதையும் சேர்த்து மட்டமாக்கிவிட்டால், வேண்டிய தகவலே அழிந்துபோகிறது. ஆல்பாவை எவ்வளவு மாற்றிப் பார்த்தாலும் இந்தக் குறை தீராது: பெரிதாக்கினால் பருவத்தின் பின்னால் தாமதமாக ஓடும்; சிறிதாக்கினால் பருவத்தைக் கண்டுகொள்ளாமல் நடுவில் நிற்கும்.

பருவத்தைத் தனியே எடுத்தல்

சரியான வழி, விற்பனையிலிருந்து பருவத்தைப் பிரித்தெடுத்து வைத்துவிட்டு, மிஞ்சிய அடிப்படை அளவை மட்டும் கணித்து, பிறகு பருவத்தைத் திரும்பச் சேர்ப்பது.

ஒவ்வொரு காலாண்டின் விற்பனையையும் அந்த ஆண்டின் காலாண்டுச் சராசரியால் வகுத்தால் பருவக் காரணி கிடைக்கும். கோடையில் முதல் ஆண்டு 800 ÷ 500 = 1.60; இரண்டாம் ஆண்டு 860 ÷ 550 = 1.56. இரண்டின் சராசரி 1.58. அதாவது, கோடைக் காலாண்டு சாதாரணக் காலாண்டைப் போல ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல். இதே வழியில் ஜனவரி–மார்ச்சுக்கு 0.80, ஜூலை–செப்டம்பருக்கு 1.01, அக்டோபர்–டிசம்பருக்கு 0.61 வருகின்றன. நான்கையும் கூட்டினால் 4 வர வேண்டும். வராவிட்டால் விகிதப்படி சரிசெய்ய வேண்டும்.

விற்பனை ஆண்டுக்குள்ளேயே வேகமாக வளரும் பொருளுக்கு இந்த எளிய வகுத்தல் போதாது. ஆண்டின் கடைசிக் காலாண்டு வளர்ச்சியாலும் சற்று உயர்ந்திருக்கும். அந்த உயர்வைப் பருவம் என்று தவறாக எண்ண நேரும். அங்கேதான் நகரும் சராசரி தன் உண்மையான பயனைக் காட்டுகிறது. நான்கு காலாண்டுச் சராசரி எப்போதும் ஒரு கோடை, ஒரு மழைக்காலம் என்று முழுச் சுற்றையும் உள்ளடக்குவதால், அதில் பருவம் தானாகவே கரைந்து போக்கு மட்டும் மிஞ்சும். நான்கு காலாண்டுகளின் நடுப்பகுதி இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் விழுவதால், அடுத்தடுத்த இரு சராசரிகளை மீண்டும் சராசரியாக்கி ஒரு காலாண்டின் நேர் நடுவில் நிறுத்துகிறார்கள். விற்பனையை அந்த மையச் சராசரியால் வகுத்தால் தூய பருவக் காரணி கிடைக்கும். காலாண்டுக் கணக்குக்கு நான்கு, மாதக் கணக்குக்குப் பன்னிரண்டு என்று முழுச் சுற்றையும் எடுப்பது இதனால்தான் முக்கியம். மாத விற்பனைக்கு ஐந்து மாதச் சராசரி போடுபவருக்குப் பருவமும் போக்கும் கலந்தே கிடைக்கும்.

இனி மூன்றாம் ஆண்டைத் திரும்பக் கணிக்கலாம். சீராக்கத்தில், அடிப்படை அளவு 550. முதல் காலாண்டுக் கணிப்பு 550 × 0.80 = 440. விற்றது 480. அதைப் பருவக் காரணியால் வகுத்தால் 600. இதுவே பருவம் நீக்கிய விற்பனை. 550-க்கும் 600-க்கும் உள்ள இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்க்க, அடிப்படை அளவு 560 ஆகிறது. கோடைக் கணிப்பு 560 × 1.58 = 885. பிழை 444-லிருந்து 95-க்கு வந்துவிட்டது. இப்படியே தொடர்ந்தால் மூன்றாம் காலாண்டில் 578, நான்காவதில் 351. நான்கு பிழைகள் 40, 95, 22, −11. சராசரிப் பிழையளவு 42.

இதே பருவம் நீக்கிய எண்களுக்கு நான்கு காலாண்டு நகரும் சராசரியைப் போட்டால் கணிப்புகள் 441, 891, 589, 362. சராசரிப் பிழையளவு 40.

இந்த ஒப்பீட்டில் முக்கியமான செய்தி இருக்கிறது. பருவத்தைப் பிரித்ததால் பிழை 190-லிருந்து 40-க்கு இறங்கியது. நகரும் சராசரியா சீராக்கமா என்ற தேர்வால் வந்த வித்தியாசம் 2 பெட்டி. அது ஒரு முறையின் வெற்றியாகவும் ஆகாது. நான்கு காலாண்டுச் சராசரியில் இருக்கும் கணக்குகளின் சராசரி வயதும், ஆல்பா 0.4 என்று வைத்த சீராக்கத்தின் சராசரி வயதும் ஒன்றே. 2-ஐ ‘காலங்களின் எண்ணிக்கை கூட்டல் 1’-ஆல் வகுத்தால் நிகரான ஆல்பா வரும். ஆல்பா 0.2 என்பது ஒன்பது காலாண்டுச் சராசரிக்கு நிகரானது. ஆகவே இங்கே சற்று வேகமாக நினைவை மாற்றிக்கொள்ளும் முறை, வளரும் விற்பனைக்குச் சற்று அருகே வந்தது, அவ்வளவுதான்.

பிழையின் குறி சொல்வது

42 என்ற எண்ணோடு நின்றுவிடாமல் பிழைகளின் குறியையும் பார்க்க வேண்டும். 40, 95, 22 என்று முதல் மூன்றும் கூட்டல்குறி. தற்செயல் பிழையாக இருந்தால் இருபுறமும் மாறி மாறி வரும். ஒரே பக்கம் சாய்ந்தால் முறை எதையோ விட்டுவிட்டது என்று பொருள். குறியோடு எடுத்த சராசரி 36; சராசரிப் பிழையளவான 42-க்கு மிக அருகில் இருக்கிறது. பிழையில் பெரும்பகுதி சாய்வுதான் என்பதற்கு இதுவே சாட்சி.

கிடங்குகளில் இந்தச் சாய்வைக் கண்காணிக்கக் குறியோடு கூட்டிய மொத்தப் பிழையைச் சராசரிப் பிழையளவால் வகுத்துப் பார்ப்பார்கள். இங்கே மொத்தம் 146. 42-ஆல் வகுத்தால் 3.5. நான்கு காலாண்டுகளில் இந்த எண் 4-ஐத் தாண்டவே முடியாது என்பதால் 3.5 தெளிவான எச்சரிக்கை. நீண்ட கணக்கில் இது 4-ஐத் தாண்டினால் முறையைத் திரும்பப் பரிசீலிப்பது பரவலான வழக்கம்.

இங்கே விட்டுப்போனது போக்கு. ஆண்டுக்கு 50 பெட்டி உயர்வு என்றால் காலாண்டுக்குச் சுமார் 12. அமெரிக்காவில் சார்லஸ் ஹோல்ட் 1957-இல் போக்கையும் பருவத்தையும் தனித்தனியே சீராக்கும் வழியை வகுத்தார். அவருடைய மாணவர் பீட்டர் வின்டர்ஸ் 1960-இல் அதை விற்பனைக் கணக்குகளில் சோதித்து வெளியிட்டார். இன்று ஹோல்ட்–வின்டர்ஸ் முறை என்று அறியப்படுவது இதுதான். அதில் அடிப்படை அளவு, போக்கு, பருவக் காரணி என்ற மூன்றும் புதிய கணக்கு வரவர ஆல்பாவைப் போன்ற தனித்தனி எண்களால் திருத்தப்படுகின்றன. நகரும் சராசரியால் இப்படி எளிதாக வளர முடியாது. சீராக்கத்தின் உண்மையான மேன்மை இங்கேதான் இருக்கிறது.

கணக்கு நீளாமல் இருக்க, போக்கை 12 என்றே நிறுத்தி, ஒவ்வொரு படியிலும் அடிப்படை அளவோடு அதைக் கூட்டிக்கொண்டால், கணிப்புகள் 450, 919, 607, 373. பிழைகள் 30, 61, −7, −33. சராசரிப் பிழையளவு 33-க்கு வருகிறது. குறியோடு எடுத்த சராசரி 36-லிருந்து 13-க்கு இறங்குகிறது. பிழைகள் இப்போது இரு பக்கமும் விழுகின்றன.

எந்த அளவுகோல் எதை மறைக்கும்

பிழையைப் பெட்டியில் சொன்னால் ஒரு பொருளை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது என்பதால், பலர் சதவீதத்தில் கேட்பார்கள். ஒவ்வொரு காலாண்டின் பிழையையும் அந்தக் காலாண்டு விற்பனையின் சதவீதமாக்கி, சராசரி எடுப்பது வழக்கம். போக்கு சேர்க்காத முறைக்கு அது 6.2 சதவீதம், போக்கு சேர்த்ததற்கு 5.8. பெட்டிக் கணக்கில் 42-லிருந்து 33 என்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்த பிழை, சதவீதத்தில் அசையவே இல்லை.

காரணம் மழைக்காலத்தில் இருக்கிறது. கோடையில் 61 பெட்டி தவறினால் 6 சதவீதம். மழையில் 33 பெட்டி தவறினால், விற்பனையே 340 என்பதால், கிட்டத்தட்ட 10 சதவீதம். சதவீதச் சராசரி, விற்காத காலத்தின் சிறு பிழையைப் பெரிதாக்கி, விற்கும் காலத்தின் பெரும் பிழையைச் சிறிதாக்குகிறது. பட்டறைக்கு லாபமும் நஷ்டமும் கோடையில்தான். மேலும், விற்பனை பூஜ்யமான மாதம் ஒன்று வந்தால் வகுத்தலே இயலாது. குறைத்துக் கணிப்பவரின் பிழை 100 சதவீதத்தைத் தாண்டாது. கூட்டிக் கணிப்பவருக்கோ உச்சவரம்பே இல்லை. ஆகவே இந்த அளவுகோலை வைத்து முறையைத் தேர்ந்தெடுப்பவர், தம்மை அறியாமலே குறைத்துக் கணிக்கும் முறையின் பக்கம் சாய்வார்.

பருவப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமானது, ஆண்டின் மொத்தப் பிழையளவை ஆண்டின் மொத்த விற்பனையால் வகுப்பது. 168 ÷ 2,400 என்பது 7 சதவீதம். போக்கு சேர்த்த பின் 131 ÷ 2,400 என்பது 5.5 சதவீதம். முன்னேற்றம் இப்போது தெரிகிறது.

பிழைகளை வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்பது மற்றொரு வழி. 100 பெட்டிப் பிழை ஒன்று, 10 பெட்டிப் பிழைகள் பத்தைவிடக் கொடியது என்று நினைப்பவருக்கு இது ஏற்றது. வாய்க்கணக்குக்கு இது 66. பருவம் பிரித்த சீராக்கத்துக்கு 53. போக்கும் சேர்த்ததற்கு 38. ஆனால் மொத்தமாக வந்த ஒரே ஒரு கல்யாண ஆர்டர்கூட இந்த எண்ணை உயர்த்திவிடும்.

எந்த அளவுகோலானாலும் ஒப்பிட ஓர் அடி வேண்டும். முறையின் பிழையளவை, போன ஆண்டின் இதே காலாண்டு என்ற வாய்க்கணக்கின் பிழையளவால் வகுத்துப் பார்ப்பது அதற்கு நல்ல வழி. ராப் ஹைன்ட்மன், ஆன் கோலர் இருவரும் 2006-இல் இந்தக் கருத்தை முறைப்படுத்தினார்கள். முதலாண்டைக் கொண்டு இரண்டாம் ஆண்டைச் சொன்னால் வாய்க்கணக்கின் பிழையளவு 50.

| முறை | சராசரிப் பிழையளவு | வாய்க்கணக்கோடு விகிதம் |
|---|---|---|
| நகரும் சராசரி, பருவம் பிரிக்காமல் | 190 | 3.80 |
| சீராக்கம், பருவம் பிரிக்காமல் | 205 | 4.10 |
| நகரும் சராசரி, பருவம் பிரித்து | 40 | 0.80 |
| சீராக்கம், பருவம் பிரித்து | 42 | 0.84 |
| சீராக்கம், பருவமும் போக்கும் | 33 | 0.66 |

விகிதம் ஒன்றுக்கு மேல் போனால் சூத்திரத்தை விட்டுவிட்டு வாய்க்கணக்கையே பின்பற்றலாம்.

கணக்கு தடம் புரளும் இடங்கள்

முதலாவது, விற்பனை என்பது தேவை அல்ல. மே மாதம் பாட்டில் தீர்ந்து பத்து நாள் பட்டறை நின்றிருந்தால், பேரேட்டில் பதிவானது இருந்த சரக்கு மட்டுமே. அதை வைத்துக் கணித்தால் அடுத்த ஆண்டும் குறைவாகவே ஏற்பாடு நடக்கும், மறுபடியும் தீரும், கணிப்பு சரி என்றே பேரேடு காட்டும். பிழையளவு வியக்கத்தக்க அளவில் சிறிதாக இருந்து, கோடையில் கையிருப்பு பூஜ்யமாகவும் இருந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். திருப்பி அனுப்பிய ஆர்டர்களைத் தனி நோட்டில் குறித்துவைத்துக் கூட்டிக்கொள்வதே மருந்து.

இரண்டாவது, நகரும் திருவிழாக்கள். பங்குனி உத்திரம் சில ஆண்டுகளில் மார்ச்சிலும் சில ஆண்டுகளில் ஏப்ரலிலும் வரும். அதனால் அந்த விற்பனை ஒரு காலாண்டிலிருந்து மற்றதற்குத் தாவும். ரமலான் மாதம் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்கிறது. நிலையான பருவக் காரணிக்கு இவை தெரியாது. திருவிழா விற்பனையைத் தனியே பிரித்துவைத்து, அந்த ஆண்டின் தேதிப்படி சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, கணிப்பின் தூரம். மேலே செய்த சோதனையில், ஜனவரி–மார்ச் விற்பனை முழுவதும் தெரிந்த பிறகே கோடை கணிக்கப்பட்டது. பாட்டிலுக்கு ஜனவரியிலேயே பணம் கட்ட வேண்டியிருந்தால் அந்தக் காலாண்டுக் கணக்கு கையில் இருக்காது. எவ்வளவு முன்னதாக முடிவெடுக்க வேண்டுமோ, அவ்வளவு முன்னதாகக் கணித்துத்தான் பிழையையும் அளக்க வேண்டும். நான்கு காலாண்டுகளைக் கொண்டு ஒரு முறையை வென்றது என்று அறிவிப்பதும் தவறு. பருவக் காரணிக்கே மூன்று, நான்கு ஆண்டுக் கணக்கு இருந்தால்தான் நம்பிக்கை பிறக்கும்.

நான்காம் ஆண்டுக் கோடை

மூன்றாம் ஆண்டு டிசம்பரில் பட்டறையின் நிலை இப்படி இருக்கும். போக்கு சேர்த்த சீராக்கத்தின்படி அடிப்படை அளவு 601. மூன்றாம் ஆண்டின் கோடை விகிதம் 980 ÷ 600 = 1.63, அதையும் சேர்த்து மூன்றாண்டுச் சராசரி எடுத்தால் கோடைக் காரணி 1.60. கோடை இரண்டு காலாண்டு தள்ளி இருப்பதால் போக்கை இரண்டு முறை கூட்ட வேண்டும்: 601 + 24 = 625. அதை 1.60-ஆல் பெருக்கினால் 1,000 பெட்டி.

இது நடுக்கணிப்பு, தேவை இதற்கு மேலும் போகலாம், கீழும் வரலாம். போன கோடையில் இதே முறை 61 பெட்டி குறைவாகச் சொன்னது. விற்காத சோடாவை விடக் கைநழுவிய விற்பனை அதிக நஷ்டம் என்று கருதினால், அந்த 61-ஐயும் கூட்டி, 1,061 பெட்டிக்கு, அதாவது சுமார் 25,500 பாட்டிலுக்கு ஏற்பாடு செய்வது நியாயமானது. பாட்டிலைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதால் அந்தக் கூடுதலைப் பாட்டிலில் வைக்கலாம். சர்க்கரையையும் எசென்ஸையும் ஏப்ரல் விற்பனை எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு வாங்கலாம். அதே டிசம்பரில், பருவம் பிரிக்காத நகரும் சராசரி அந்தக் கோடைக்குச் சொல்லும் எண் 600.